210 பார்சல் சமைத்தோம், 183 கொடுத்தோம், 14 மீந்தது: பணம் தந்தவருக்கு எப்படி எழுதுவது?

மலையருவி | 9 டிசம்பர் 2025, இரவு 8.40

டித்வா புயல் மழைக்குப் பிறகு எங்கள் டிவிஷனில் மூன்று லயத்து ஆட்கள் இன்னும் வீடு திரும்பவில்லை. மலைப்பக்கம் வெடிப்பு இருப்பதால் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பாதிப் பேர் பாடசாலையில், மீதிப் பேர் மூன்று கிலோமீட்டர் கீழே கோயில் மண்டபத்தில் இருக்கிறார்கள். பொகவந்தலாவைப் பக்கம்தான், தோட்டத்தின் பெயர் வேண்டாம்.

எங்கள் தோட்டத்தில் பிறந்து இப்போது வத்தளையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு 50,000 ரூபாய் அனுப்பினார். செலவு 47,650. சோறு, பருப்பு, சோயா மீட், கோவாச் சுண்டல், தேங்காய்ச் சம்பல். எத்தனை சமைத்தோம், எத்தனை கொடுத்தோம், எத்தனை மீந்தது என்று ஒரு கடிதம் எழுதச் சொன்னார்.

சமைத்தது 210. பட்டியலில் டிக் போட்டது 183. திரும்பி வந்தது 14. கூட்டினால் 197 தான் வருகிறது. மீதி 13 எங்கே என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். 210 கொடுத்தோம் என்றே எழுதிவிடலாம் என்கிறான் என் தம்பி. எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 13 பார்சலைக் காணோம் என்று எழுதினால் சேர் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்?

கொழும்புக் கணக்காளன் | 9 டிசம்பர், இரவு 9.15

இதில் குழம்ப ஒன்றுமில்லை. செலவை எண்ணிக்கையால் வகுத்து ஒரு பார்சல் எவ்வளவு என்று எழுதுங்கள். 210 என்றால் 227 ரூபாய் வரும். பில்லை ஒட்டுங்கள், கொடுக்கும்போது எடுத்த படம் இரண்டு போடுங்கள், மீதிக் காசு 2,350 ஐத் திருப்பி அனுப்புங்கள். பணம் கொடுத்தவருக்குக் காசு எங்கே போனது என்பதுதான் கேள்வி. சோறு எங்கே போனது என்பதை யாரும் தணிக்கை செய்வதில்லை.

பசறைக்காரி | 9 டிசம்பர், இரவு 9.50

எங்களுக்கும் இதே பிரச்சினை வந்தது தங்கச்சி. நாங்கள் 80 பொதி கட்டினோம். ஒவ்வொன்றிலும் 5 கிலோ அரிசி, 2 கிலோ மா, பருப்பு, சீனி, தேயிலை. லயத்து அறை இலக்கத்தை வைத்துப் பட்டியல் போட்டோம், ஓர் அறைக்கு ஒரு பொதி. போய்ப் பார்த்தால் ஒரே அறையில் தாய் தகப்பன் ஒரு அடுப்பு, கல்யாணம் முடித்த மகன் ஒரு அடுப்பு. ஒரே கதவு, இரண்டு குடும்பம். யாருக்குக் கொடுப்பது என்று வாசலிலேயே வாய்த்தகராறு வந்துவிட்டது. அதிலிருந்து அறையை எண்ணாமல் அடுப்பை எண்ணுகிறோம்.

மீந்த 14 ஐ அடுத்த வாரம் கொடுத்துவிட்டு இரண்டு கடிதமாக எழுதலாமே?

மலையருவி | 9 டிசம்பர், இரவு 10.05

அக்கா, நாங்கள் கொடுத்தது சமைத்த சோறு. லன்ச் ஷீட்டில் சுற்றிய பார்சல். அடுத்த வாரம் வரை வைக்க முடியாது. ஆனால் அடுப்பை எண்ணுவது என்ற பேச்சைக் குறித்துவைத்துக்கொண்டேன், எங்கள் பட்டியலும் அறை இலக்கப்படிதான் இருக்கிறது.

பழைய கணக்கப்பிள்ளை | 10 டிசம்பர், காலை 5.30

மகள், முதலில் ஒரு கேள்வி. 210 என்று எண்ணினீர்களா, கணக்குப் போட்டீர்களா?

நான் கொழுந்து மடுவத்தில் 31 வருடம் தராசுக்குப் பக்கத்தில் நின்றவன். மலையில் நிறுத்த கொழுந்தும் ஃபெக்டரியில் நிறுத்த கொழுந்தும் ஒருநாளும் ஒன்றாக வந்ததில்லை. மழை நாளில் இலையில் தண்ணீர் இருக்கும், வெயிலில் வழியிலேயே வாடும். அதற்காக இரண்டில் ஒன்றை அழித்து மற்றதற்குச் சமமாக்கினால் அது கணக்கே இல்லை. எங்கே நிறுத்தது என்று எழுதி இரண்டையும் வைக்கவேண்டும். சாப்பாட்டுப் பார்சலும் அப்படித்தான். ஒரு பார்சல் மூன்று இடத்தைக் கடக்கிறது: சுற்றும் மேசை, லொறி, கொடுக்கும் இடம். மூன்று இடத்திலும் எண்ணியிருந்தால் 13 எந்த இடைவெளியில் போனது என்று தெரியும். ஒரு இடத்தில்தான் எண்ணினீர்கள் என்றால் 13 போனதா என்பதே தெரியாது.

மலையருவி | 10 டிசம்பர், காலை 7.20

ஐயா, எண்ணவில்லை. 30 கிலோ அரிசி போட்டோம், கிலோவுக்கு 7 பார்சல் என்று சமைத்த மாமி சொன்னார். ஏழு முப்பது 210.

பழைய கணக்கப்பிள்ளை | 10 டிசம்பர், காலை 7.45

அப்படியானால் 210 என்பது அரிசியின் கணக்கு. பார்சலின் கணக்கு வேறு. கரண்டி பிடிக்கும் கை மாறினாலே ஒரு கிலோவில் அரைப் பார்சல் கூடும், குறையும். அடியில் பிடித்த சோறும் அதற்குள்தான் இருக்கிறது. லன்ச் ஷீட் எத்தனை வாங்கினீர்கள், எத்தனை மீதி இருக்கிறது என்று பாருங்கள். தாள் பொய் சொல்லாது.

மஸ்கெலியாத் தம்பி | 10 டிசம்பர், மதியம் 12.30

அக்கா, மீந்த 14 ஐ ராத்திரிக்குக் கொடுத்திருப்பீர்கள்தானே? அப்படியென்றால் அதையும் கொடுத்ததில் சேருங்கள். நம்ம ஊர்க் குளிருக்குச் சோறு கெடாது. எங்கள் வீட்டில் ராத்திரிச் சோறு காலை வரை அப்படியே இருக்கும்.

பண்டாரவளைத் தாதி | 10 டிசம்பர், இரவு 7.10

தம்பி, வீட்டுச் சோறு சட்டியில் திறந்து கிடக்கும், சீக்கிரம் ஆறிவிடும். அதில் நீங்கள் சொல்வது ஓரளவு சரி. பார்சல் விஷயம் வேறு. கொதிக்கக் கொதிக்கச் சுற்றி, கார்ட்போர்ட் பெட்டியில் நெருக்கி அடுக்கினால் ஒன்றுக்கொன்று போர்வை மாதிரி ஆகிவிடும். வெளியே பனி விழுந்தாலும் பெட்டியின் நடுவில் நான்கு ஐந்து மணி நேரம் இளஞ்சூடு இருக்கும். கையை நடுவில் விட்டுப் பார்த்தால் தெரியும். கிருமி பெருகுவதற்குப் பிடித்த சூடு அதுதான். 60 பாகைக்கு மேலே சூடாக இருக்கவேண்டும், இல்லையென்றால் 5 பாகைக்குக் கீழே குளிராக இருக்கவேண்டும். நடுவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் நின்ற சோற்றை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

சோற்றில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து சமைத்தாலும் சாகாது. சோறு இளஞ்சூட்டில் கிடக்கும்போது அது முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது, மணத்திலும் தெரியாது. சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் வாந்தி வரும்.

மலையருவி, அந்த 14 என்ன ஆனது? எத்தனை மணிக்குச் சோறு வெந்தது?

மலையருவி | 10 டிசம்பர், இரவு 9.30

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். சோறு இறக்கியது காலை 9.30. சுற்றி முடித்தது 11.30. வழியில் பெக்கோ மண் அள்ளிக்கொண்டிருந்ததால் லொறி ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. பாடசாலையில் 1.15 க்குக் கொடுத்தோம். மண்டபத்தில் முடியும்போது 2.30.

14 ஐ இரவுக்கு வைத்திருந்தோம். ஆறு மணிக்கு மாமி ஒன்றைத் திறந்தார், தேங்காய்ச் சம்பல் புளித்து நூல் விட்டிருந்தது. எல்லாவற்றையும் தோட்டத்துக் குழியில் போட்டு மூடினோம். பசியோடு ஆட்கள் இருக்கும் இடத்தில் 14 பார்சல் சோற்றை மண்ணில் போட்டோம் என்று எப்படி எழுதுவேன்? அதனால்தான் முதல் பதிவில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பண்டாரவளைத் தாதி | 10 டிசம்பர், இரவு 9.55

போட்டது சரியான வேலை. சம்பல் புளித்ததால் தப்பினீர்கள். சம்பல் இல்லாத பார்சலாக இருந்திருந்தால் மணம் நன்றாக இருக்கிறதென்று கொடுத்திருப்பீர்கள். தூரம் போகும் பார்சலில் தேங்காய்ச் சம்பல் வேண்டாம், கருவாட்டுப் பொரியல் போடுங்கள்.

எனக்குக் கவலை அந்த 14 பற்றி இல்லை. 2.30 க்குக் கொடுத்த கடைசிப் பார்சல்கள் பற்றித்தான். வெந்து ஐந்து மணி நேரம் ஆகியிருக்கிறது. அன்று இரவு மண்டபத்தில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்ததா என்று கேளுங்கள். கேட்டதையும் பதிலையும் கடிதத்தில் எழுதுங்கள்.

கொழும்புக் கணக்காளன் | 10 டிசம்பர், இரவு 10.20

குழியில் போட்டதை எழுதவேண்டுமா? "மீந்தவை அப்புறப்படுத்தப்பட்டன" என்று ஒரு வரி போதாதா? விவரம் கூடினால் அடுத்த முறை காசு வராது. பயமுறுத்தச் சொல்லவில்லை, இப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பழைய கணக்கப்பிள்ளை | 11 டிசம்பர், காலை 5.10

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, காசு அனுப்புகிறவரின் மனமும் ஒரு விஷயம்தான். ஆனால் இந்த சேர் எண்ணிக்கையைக் கேட்டிருக்கிறார். மீந்தது எத்தனை என்று கேட்கிறவர் அடுத்த முறைக்கு எவ்வளவு அனுப்பலாம் என்று பார்க்கிறார். அவருக்கு எப்போது, எங்கே, ஏன் மீந்தது என்று தெரியவேண்டும்.

2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது நான் அந்தப் பக்கம் முகாமில் களஞ்சியம் பார்த்தேன். ஒரு நாள் மதியம் மூன்று லொறி ஒரே நேரத்தில் சோற்றுப் பார்சலோடு வந்து நின்றது. மூன்று லொறிக்காரரும் ஊருக்குப் போய் "கொண்டுபோன எல்லாம் கொடுத்துவிட்டோம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். கொடுத்தது உண்மை. பிள்ளைகள் கையில் இரண்டு இரண்டு பார்சல் இருந்தது. அன்று இரவுக்கு ஒன்றும் இல்லை, அடுத்த நாள் மதியம் மறுபடி மூன்று லொறி. மீந்ததை ஒருவராவது எழுதி அனுப்பியிருந்தால் ஒரு லொறி இரவுக்கு மாறியிருக்கும்.

மகள், இப்போது இடவாரியாகப் பிரியுங்கள். பாடசாலைக்கு எத்தனை ஏற்றினீர்கள், மண்டபத்துக்கு எத்தனை? 14 எங்கே மீந்தது?

மலையருவி | 11 டிசம்பர், மாலை 6.45

இன்று கொழுந்துக்குப் போகவில்லை, முழுநாளும் இதையே செய்தேன்.

லன்ச் ஷீட் 100 தாள் கட்டு மூன்று வாங்கினோம். மீதி 91. கிழிந்து எறிந்தது 2. குழம்பு ஒழுகியதால் ஒன்றை இரண்டாவது தாளில் சுற்றினோம். 209 இல் மூன்றைக் கழித்தால் 206. 210 சமைக்கவே இல்லை. நான்கு பார்சலை மூன்று நாளாகத் தேடியிருக்கிறேன்.

லொறியில் பெட்டிக்கு 20 என்று தம்பி அடுக்கினான், பெட்டி எண்ணிக்கை அவனுக்கு ஞாபகம் இருந்தது. பாடசாலைக்கு 120, அதாவது ஆறு பெட்டி. மண்டபத்துக்கு நான்கு பெட்டியும் மேலே 2 உம், 82. சமையல் இடத்திலேயே சாப்பிட்டது நாங்கள் 4 பேர். கூட்டினால் 206.

பாடசாலைப் பட்டியலில் 117. வழியில் பெக்கோ ஓட்டியவருக்கும் உதவிக்கு நின்ற இரண்டு பேருக்கும் மூன்று கொடுத்ததை மறந்தே போயிருந்தேன். 120 முடிந்தது. மண்டபத்தில் பட்டியல்படி 66, மீந்தது 14, மொத்தம் 80. ஏற்றியது 82. இரண்டு பார்சல் இன்னும் தெரியவில்லை. மண்டபத்தின் பின்கதவு திறந்திருந்தது, யாரோ

மலையருவி | 11 டிசம்பர், மாலை 6.50

முந்தின பதிவைப் பாதியில் அனுப்பிவிட்டேன். யாரோ எடுத்திருக்கலாம் என்று எழுத வந்தேன். அப்புறம் நிறுத்திவிட்டேன். டிக் போட்ட பிள்ளை இரண்டு பேரை விட்டிருக்கவும் கூடும், தம்பி அந்தப் பெட்டியில் 18 அடுக்கியிருக்கவும் கூடும்.

பழைய கணக்கப்பிள்ளை | 11 டிசம்பர், இரவு 7.30

நிறுத்தியது நல்லது. "இரண்டு பார்சல் கணக்கில் சேரவில்லை" என்று மட்டும் எழுதுங்கள். பசித்தவன் எடுத்தான் என்று உங்களுக்குத் தெரியாததை எழுதினால் மண்டபத்தில் இருக்கும் அத்தனை பேர் மேலும் அது விழும்.

இன்னும் இரண்டு கேள்வி. ஒரு டிக் ஒரு ஆளா, ஒரு பார்சலா? மண்டபத்தில் ஏன் 14 மீந்தது?

ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. பாடசாலையில் 120 போய் 120 முடிந்தது என்கிறீர்கள். மீதி சைபர் என்பது நல்ல செய்தி இல்லை மகள். சரியாக முடிந்ததா, இல்லை போதாமல் முடிந்ததா என்று சைபரைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒன்றிரண்டாவது மீந்தால்தான் கடைசி ஆளுக்கும் கிடைத்தது என்று தெரியும்.

பசறைக்காரி | 11 டிசம்பர், இரவு 8.15

ஐயா சொன்ன சைபர் விஷயம் எங்களுக்கும் பொருந்துகிறது. 80 பொதியும் முடிந்தது என்று சந்தோஷமாக வந்துவிட்டோம். இரண்டாவது அடுப்புக்காரர்களைப் போய்க் கேட்கவே இல்லை. நாளைக்குப் போகிறேன்.

மலையருவி | 12 டிசம்பர், இரவு 8.00

இன்று வேலை முடிந்து பாடசாலைக்குப் போனேன். கேட்டேன்.

கொழுந்துக்குப் போன நான்கு பெண்கள் அன்று மூன்று மணிக்குத்தான் திரும்பியிருக்கிறார்கள். அவர்கள் பெயர் பட்டியலிலேயே இல்லை, கிராம சேவகரின் பட்டியல் எழுதிய நேரத்தில் மலையில் இருந்தார்களாம். பிஸ்கட்டும் தேத்தண்ணியும் குடித்துவிட்டு இருந்திருக்கிறார்கள். யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஏன் அக்கா சொல்லவில்லை என்று கேட்டேன். "கொடுக்க வந்த பிள்ளைகளிடம் குறை சொல்வதா" என்றார் ஒருவர். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மூன்று கிலோமீட்டர் கீழே 14 பார்சல் குழிக்குப் போன அதே நாள். மொத்தக் கணக்கை மட்டும் எழுதியிருந்தால் சாப்பாடு கூடிவிட்டது, அடுத்த முறை குறைத்து அனுப்புங்கள் என்றுதான் சேர் புரிந்துகொண்டிருப்பார்.

மண்டபத்தில் மீந்ததற்குக் காரணம், 12.30 க்கு வேறொரு குழு பாணும் பருப்பும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. இரண்டரை மணி வரை எங்களுக்காக யார் பசியோடு இருப்பார்கள்? வயிற்றுக் கோளாறு ஒருவருக்கும் வரவில்லை என்றார்கள். நான் கேட்டது பத்துப் பன்னிரண்டு பேரிடம்தான்.

டிக் விஷயம்: ஒரு டிக் ஒரு பார்சல். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஒன்று என்று கொடுத்தோம். ஆகவே 183 பேர் சாப்பிட்டார்கள் என்று எழுத முடியாது.

மலையருவி | 13 டிசம்பர், இரவு 9.10

கடிதத்தை எழுதிவிட்டேன். அனுப்புவதற்கு முன்னால் பாருங்கள்.

> அன்புள்ள சேருக்கு,
>
> நீங்கள் அனுப்பிய 50,000 ரூபாயில் டிசம்பர் 7 ஆம் திகதி மதியச் சாப்பாடு கொடுத்தோம். செலவு 47,650, மீதி 2,350 என்னிடம் இருக்கிறது. பில்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.
>
> 206 பார்சல் சுற்றினோம். இது லன்ச் ஷீட்டை வைத்து எண்ணியது. பாடசாலைக்கு 120 கொண்டுபோனோம். பட்டியலில் இருந்தவர்களுக்கு 117, வழியில் மண் அகற்றியவர்களுக்கு 3. மீதி இல்லை. ஆனால் கொழுந்துக்குப் போய் மூன்று மணிக்கு வந்த நான்கு பெண்களுக்கு அங்கே சாப்பாடு கிடைக்கவில்லை. இதை ஐந்து நாள் கழித்துத்தான் அறிந்தோம்.
>
> கோயில் மண்டபத்துக்கு 82 கொண்டுபோனோம். 66 கொடுத்தோம், 14 மீந்தது, 2 கணக்கில் சேரவில்லை. நாங்கள் போகுமுன் வேறு குழு சாப்பாடு கொடுத்திருந்தது. மீந்த 14 மாலையில் கெட்டுப்போனதால் குழியில் போட்டு மூடினோம். சமைத்தவர்களில் 4 பேர் ஆளுக்கொரு பார்சல் சாப்பிட்டோம்.
>
> 183 என்பது பார்சல் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை இல்லை. பிள்ளைகள் இரண்டு பேர் ஒன்றைப் பகிர்ந்தார்கள்.
>
> சோறு வெந்து ஐந்து மணி நேரம் கழித்துத்தான் கடைசிப் பார்சல் போனது. யாருக்கும் சுகவீனம் வந்ததாக நாங்கள் கேட்டவர்கள் சொல்லவில்லை, எல்லாரையும் கேட்கவில்லை. அடுத்த முறை பாடசாலைக்கு 126 உம் மண்டபத்துக்கு 70 உம் போதும் என்று நினைக்கிறோம். மண்டபத்துக்கு அன்று வேறு யாராவது வருகிறார்களா என்று முதல் நாளே கேட்டுவிட்டு அதை முடிவு செய்வோம்.

கொழும்புக் கணக்காளன் | 13 டிசம்பர், இரவு 9.40

ஒரு பார்சலின் விலை இல்லை. 206 ஆல் வகுத்தால் 231 ரூபாய், கொடுத்ததால் வகுத்தால் 260. எதைப் போட்டாலும் எதால் வகுத்தது என்று எழுதுங்கள். முன்பு 227 என்று சொன்னேன், அது இல்லாத 210 ஆல் வகுத்தது. படம் வேண்டும் என்று சொன்னதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்த நான்கு பெண்களும் எந்தப் படத்திலும் இருந்திருக்கமாட்டார்கள்.

குழி என்ற வார்த்தை மட்டும் இன்னும் எனக்கு ஒப்பவில்லை.

பண்டாரவளைத் தாதி | 13 டிசம்பர், இரவு 10.15

குழி இருக்கட்டும். அடுத்த முறை சுற்றாமல் பெரிய சட்டியிலேயே மூடிக் கொண்டுபோய் அங்கே பரிமாறினால் என்ன? நிறைந்த சட்டியில் சூடு நெடுநேரம் நிற்கும்.

மலையருவி | 13 டிசம்பர், இரவு 10.30

மண்டபத்தில் குழாய் உடைந்து கிடக்கிறது அக்கா, தட்டு கழுவத் தண்ணீர் இல்லை. பாடசாலையில் செய்து பார்க்கலாம். அப்போது எதை வைத்து எண்ணுவது என்று தெரியவில்லை.

பழைய கணக்கப்பிள்ளை | 14 டிசம்பர், காலை 5.20

தட்டை எண்ணலாம், ஆனால் இரண்டாம் தரம் சோறு வாங்கினால் அதில் தெரியாது. எனக்கும் இதற்கு நல்ல வழி தெரியவில்லை. கடிதத்தை இப்படியே அனுப்புங்கள் மகள்.

மலையருவி | 16 டிசம்பர், இரவு 8.50

சேர் போன் எடுத்தார். குழியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த நான்கு பெண்களும் எந்த லயம் என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பாடசாலைக்கு மூன்று மணிக்குப் பிறகு ஒரு தடவை போவதற்கு ஆட்டோ செலவையும் சேர்த்து அனுப்புகிறேன் என்றார். மீதி 2,350 ஐ அதற்கே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

பட்டியலை நாளைக்கு அடுப்புப்படி திரும்ப எழுதப்போகிறேன். கொழுந்துக்குப் போனவர்கள் வந்த பிறகு, மாலை ஐந்து மணிக்கு.

பசறைக்காரி | 16 டிசம்பர், இரவு 9.30

நான் போய்க் கேட்டேன் தங்கச்சி. எங்கள் பக்கம் பதினொரு அடுப்பு விடுபட்டிருக்கிறது.